கணவர் விட்டுச்சென்ற பங்குகளுக்குச் சரியான விலை எது?

கேள்வி: என் கணவரும் அவருடைய அண்ணனும் 2004-இல் பல்லடம் அருகே பின்னல் துணி தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்தார்கள். கணவர் காலமான பிறகு அவருடைய 20,000 பங்குகள் (மொத்தம் 1,00,000, முகமதிப்பு 100 ரூபாய்) என் பெயருக்கு மாறிவிட்டன. இப்போது அண்ணன், "பேலன்ஸ் ஷீட்படி ஒரு பங்கு 200 ரூபாய்தான், 40 லட்சம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடு" என்கிறார். அவரும் மகனும் சம்பளம் எடுக்கிறார்கள். எனக்கு வருடத்துக்குப் பங்குக்கு 5 ரூபாய் மட்டும் வருகிறது. 80 சென்ட் இடத்தில் 30 சென்ட் காலியாகவே கிடக்கிறது. இந்த விலை சரியா?

பதில்: நீங்கள் அனுப்பிய இருப்புநிலைக் குறிப்பின் நகலில் நிலத்துக்கு எதிரே 12,00,000 என்ற ஒரே எண்தான் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகிறது. 2004-இல் வாங்கிய விலை அது. கணக்கியல் முறைப்படி அதில் தவறு எதுவும் இல்லை; ஆனால் அந்த எண்ணை வைத்துப் பங்கின் விலையைச் சொல்வது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பல்லடத்தின் விலையில் இன்றைய நிலத்தை வாங்குவதற்கு ஒப்பானது. அண்ணன் சொல்லும் 200 ரூபாய் புத்தக மதிப்பு மட்டுமே.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்குக்குச் சந்தை விலை கிடையாது என்பதால் அதைக் கணக்கிட்டே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வழி நிகரச் சொத்து முறை: சொத்துகள் அனைத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, கடன்கள் அனைத்தையும் கழித்து, மீதியைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுப்பது. உங்கள் கம்பெனியின் புத்தகத்தில் சொத்துகள் 4 கோடி, கடன்களும் பொறுப்புகளும் 2 கோடி, நிகரம் 2 கோடி. அண்ணன் சொல்லும் 200 ரூபாய் இங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் குறிப்பிட்டபடி அங்கே சென்ட் 5 லட்சத்துக்குக் கிரயம் நடக்கிறது என்றால், 80 சென்ட் 4 கோடி ரூபாய், புத்தகத்தைவிட 3.88 கோடி அதிகம். இதை மட்டும் கூட்டிக்கொண்டு நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் எதிர்த் தரப்பின் ஆடிட்டர் கழிக்க வேண்டியவற்றோடு வருவார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வசூலாகாத வாடிக்கையாளர் நிலுவை 18 லட்சம், தொழிலாளர் பணிக்கொடைக்கு ஒதுக்கீடு செய்யாத பொறுப்பு சுமார் 20 லட்சம், கட்டடமும் இயந்திரங்களும் புத்தகத்தைவிடக் குறைவாக விலைபோகும் என்று 10 லட்சம் ஆகியவற்றைக் கழித்தால் நிகரம் 5.40 கோடி, பங்குக்கு 540 ரூபாய். நிலத்தை இன்று விற்றால் வரும் வரியையும் கழிக்க வேண்டும் என்பார்கள். கம்பெனி தொடர்ந்து நடக்கப்போகிறது, நிலத்தை யாரும் விற்கப்போவதில்லை என்னும்போது அந்த வாதத்துக்கு அதிக வலு இல்லை.

இரண்டாவது ஈட்டு முறை. ஆடிட்டர்கள் 'யீல்டு' என்பார்கள். கம்பெனியிடம் என்ன இருக்கிறது என்பதைவிட அது என்ன சம்பாதித்துத் தருகிறது என்பதே இங்கு கேள்வி. உங்கள் வழக்கில் இடறி விழக்கூடிய இடம் இதுதான். பங்காதாயத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 100 ரூபாய் பங்குக்கு 5 ரூபாய். இத்தகைய தொழிலில் முதலீட்டாளர் எதிர்பார்ப்பது 15 சதவீதம் என்று கொண்டால், ஐந்தைப் பதினைந்தால் வகுத்து நூறால் பெருக்க, பங்கின் மதிப்பு 33 ரூபாய் என்று வரும். அண்ணன் இந்தக் கணக்கைக் காட்டி "நான் 200 தருகிறேனே" என்று சொல்லவும் கூடும். ஆனால் பங்காதாயம் எவ்வளவு என்று முடிவு செய்வது இயக்குநர் குழு. அந்தக் குழுவில் இருப்பவர்களே சம்பளமாகவும் பணம் எடுத்துக்கொள்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 1972-இல் மகாதேவ் ஜாலான் வழக்கில், பங்காதாயம் கம்பெனியின் உண்மையான சம்பாதிக்கும் திறனைக் காட்டாதபோது, கம்பெனி ஈட்டிவரும் மற்றும் ஈட்டியிருக்க வேண்டிய லாபமே மதிப்பைத் தீர்மானிக்கும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே லாபத்துக்குச் செல்வோம். கடந்த மூன்று ஆண்டுகளின் வரிக்குப் பிந்தைய சராசரி லாபம் 31.50 லட்சம். அண்ணனும் மகனும் ஆண்டுக்கு 48 லட்சம் எடுக்கிறார்கள். அதே வேலைக்கு வெளியிலிருந்து ஒரு பொது மேலாளரையும் ஓர் உதவியாளரையும் அமர்த்தினால் 30 லட்சத்தில் முடியும் என்று நிரூபிக்க முடிந்தால், மிகை 18 லட்சம். அதற்குக் கால் பங்கு வரி போக 13.50 லட்சத்தை லாபத்தோடு சேர்க்க வேண்டும். நிலைத்து வரக்கூடிய லாபம் 45 லட்சம். பங்குக்கு 45 ரூபாய். பதினைந்து சதவீதத்தால் மூலதனமாக்கினால், அதாவது முன்போலவே பதினைந்தால் வகுத்து நூறால் பெருக்கினால், 300 ரூபாய். அந்தப் பதினைந்து இருபதானால் விலை 225-க்கு இறங்கிவிடும், பன்னிரண்டானால் 375-க்கு ஏறிவிடும். மதிப்பீட்டு அறிக்கை உங்கள் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இந்த விகிதமும் அதற்குச் சொல்லப்பட்ட காரணமும்தான். காரணம் எழுதாமல் விகிதம் மட்டும் இருந்தால் அந்த அறிக்கையைக் குறுக்கு விசாரணையில் கலைத்துவிடலாம். ஒரு காலத்தில் இதற்கு அரசே எண் வைத்திருந்தது: மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரின் 1990-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உற்பத்தித் தொழிலுக்கு 15, வணிகத்துக்கு 20, இடைப்பட்டவற்றுக்கு 17.5 சதவீதம். அந்த வழிகாட்டுதலுக்கு அடிப்படையான சட்டம் 1992-இல் நீக்கப்பட்டாலும், பழைய பழக்கத்தில் அந்த எண்களைக் கையாள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உங்கள் காலி நிலம் கணக்கில் வர வேண்டியதும் இங்கேதான். 45 லட்சம் லாபத்தை ஈட்டித்தருவது 50 சென்டும் இயந்திரங்களும். மீதி 30 சென்ட் அந்த லாபத்துக்கு எதுவும் செய்யவில்லை. லாபத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டால் அது விலையே இல்லாமல் உள்ளே போய்விடும். எனவே அதன் 1.50 கோடியைத் தனியே கணக்கிட்டு, பங்குக்கு 150 ரூபாயை ஈட்டு மதிப்போடு சேர்க்குமாறு கேட்க வேண்டும். அப்போது 300 என்பது 450 ஆகிறது. அந்த இடம் உண்மையிலேயே தொழிலுக்குத் தேவைப்படாதது என்று காட்டப் புகைப்படமும் கட்டட அனுமதி வரைபடமும் போதும். விரிவாக்கத்துக்கு வைத்திருக்கிறோம் என்று எதிர்த் தரப்பு சொன்னால், அதற்கான இயக்குநர் குழுத் தீர்மானத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவதான நியாய மதிப்பு முறை பெரும்பாலும் இந்த இரண்டின் சராசரிதான்: 540-ஐயும் 450-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 495 ரூபாய், 20,000 பங்குகளுக்கு 99 லட்சம். இந்தச் சராசரி சட்டத்தில் எழுதப்பட்ட விதி அல்ல. குசும்பென் மகாதேவியா வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம், நடந்துகொண்டிருக்கும் கம்பெனிக்கு லாபத்தை வைத்தே மதிப்பிட வேண்டும், கலைக்கப்படும் நிலையில் உள்ள கம்பெனிக்கே சொத்து முறை, இரண்டையும் கலப்பது சரியல்ல என்றது. அண்ணனின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் எடுத்துவைப்பார். அது கொடை வரி வழக்கு என்பதையும், 1995-இல் ஹிந்துஸ்தான் லீவர் ஊழியர் சங்க வழக்கில் அதே நீதிமன்றம் கம்பெனிகள் இணையும்போது பல முறைகளைச் சேர்த்துப் பங்கை மதிப்பிட்டதை ஏற்றுக்கொண்டதையும் உங்கள் தரப்பு சொல்ல வேண்டும். என் கணிப்பில், தனி நிலத்தைச் சேர்த்த 450 உறுதியாகக் கேட்கக்கூடிய தொகை. 495 பேச்சுவார்த்தையில் தொடங்க வேண்டிய தொகை.

சிறுபான்மைப் பங்கு என்று சொல்லி இதிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கப் பார்ப்பார்கள். வெளியாள் ஒருவர் உங்கள் 20 சதவீதத்தை வாங்கினால் அந்தத் தள்ளுபடி நியாயமாகலாம். இங்கே வாங்குபவரோ ஏற்கெனவே கட்டுப்பாடு வைத்திருப்பவர். இரு சகோதரர்கள் பரஸ்பர நம்பிக்கையில் கூட்டாளிகளைப் போல் நடத்திய கம்பெனி இது. இங்கிலாந்தின் பேர்ட் பிரிசிஷன் பெல்லோஸ் வழக்கில், இத்தகைய கம்பெனியில் வெளியேற நேர்ந்த பங்குதாரருக்கு முழு விகிதாசார விலையே தர வேண்டும் என்று தீர்ப்பானது. நம் தீர்ப்பாயங்களிலும் அதைக் காட்டி வாதிடலாம்.

வரியை மறந்து கையெழுத்திட்டால் நட்டம் உங்களுக்குத்தான். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 50சிஏ பிரிவு, பட்டியலிடப்படாத பங்கை விதி 11யுஏ தரும் மதிப்பைவிடக் குறைத்து விற்றால், அந்த மதிப்புக்கே விற்றதாகக் கருதி விற்றவரிடம் வரி கேட்கிறது. புதிய சட்டத்தில் பிரிவு எண் வேறாக இருக்கும், உங்கள் ஆடிட்டரிடம் சரிபாருங்கள். அந்த விதியில் நிலத்துக்கு அரசு வழிகாட்டி மதிப்பு எடுக்கப்படும். அது சென்ட் 4 லட்சம் என்றால், கட்டடத்தின் வழிகாட்டி மதிப்பை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தாலும், நிலம் 3.20 கோடி; புத்தகத்தைவிட அதிகமான 3.08 கோடியைப் புத்தக நிகரமான 2 கோடியோடு சேர்த்தால் பங்குக்கு 508 ரூபாய். நீங்கள் 200-க்கு விற்று 40 லட்சம் வாங்கினாலும், 100 ரூபாய் அடக்க விலை போகப் பங்குக்கு 408 ரூபாய் லாபம் என்று 81.60 லட்சத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 10.20 லட்சம் வரி கட்ட வேண்டியிருக்கும். வாங்கும் அண்ணனோ உறவினர் வரையறையைக் காட்டித் தன் பக்க வரியிலிருந்து தப்பலாம். பேச்சில் இதை ஒருமுறை சொல்லிவிட்டால் 200 ரூபாய் பேச்சு அநேகமாக அங்கேயே நின்றுவிடும்.

குறைந்த விலை கேட்டார் என்பது மட்டும் அடக்குமுறை ஆகாது. விற்க மறுத்து நீங்கள் பங்கோடு இருக்கலாம், அவரையும் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நிர்வாகத்திலிருந்து ஒதுக்கிவைத்தல், சம்பளமாக லாபத்தை எடுத்துக்கொண்டு பங்காதாயத்தை வறளவிடுதல் ஆகியவற்றைச் சான்றுகளோடு காட்ட முடிந்தால், பத்தில் ஒரு பங்கு மூலதனத்துக்கு மேல் வைத்திருக்கும் நீங்கள் கம்பெனிச் சட்டம் 2013-இன் 241-ஆம் பிரிவில் சென்னை தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தை அணுகலாம். 242-ஆம் பிரிவின்படி உங்கள் பங்குகளை நியாய விலைக்கு வாங்குமாறு அது உத்தரவிட முடியும்.

அதற்கு முன் கம்பெனியின் உள் நிர்வாக விதிகளான சங்க விதிகளைப் பாருங்கள். பங்கு மாற்றத்துக்கு விலை நிர்ணயிப்பது கம்பெனி ஆடிட்டர் என்று அதில் எழுதியிருந்தால் பேச்சின் திசையே மாறிவிடும், அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். ஐந்து ஆண்டுக் கணக்குகளை எழுத்தில் கேளுங்கள். பங்குக்கும் நிலத்துக்கும் தனித்தனியே, அந்தந்த வகைக்கு 247-ஆம் பிரிவின்கீழ் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை நீங்களே அமர்த்தி, எந்தத் தேதியின் மதிப்பு என்பதையும் எழுத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். அதுவரை எஸ்.எச்.4 பங்கு மாற்றப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம். வாட்ஸ்அப்பில்கூட "சரி, பார்க்கலாம் அண்ணா" என்று விலையை ஏற்பது போல் எழுத வேண்டாம்.