எம்எஃப்ஐ எப்போது ஆர்எஸ்ஐ சொல்லாததைச் சொல்லும்?

"ஆர்எஸ்ஐ இருக்கும்போது எம்எஃப்ஐ எதற்கு? வால்யூம் சேர்த்த ஆர்எஸ்ஐ தானே அது?"

முழுக்க அப்படி இல்லை. இரண்டும் பங்கின் ஏற்ற இறக்க வலுவை 0 முதல் 100 வரை காட்டும் குறியீடுகள்தான். ஆர்எஸ்ஐ விலை எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்கிறது. எம்எஃப்ஐ அதைப் பார்ப்பதே இல்லை. நாளின் உச்சம், தாழ்வு, முடிவு மூன்றின் சராசரி நேற்றையதைவிட ஒரு பைசா கூடினாலும், அந்தச் சராசரி × வால்யூம் முழுவதும் ஏற்றக் கணக்கில் (P) சேரும். குறைந்தால் இறக்கக் கணக்கில் (N).

MFI = 100 × P / (P + N)

100 ரூபாய் அளவிலான பங்கு, 14 நாள்: 9 நாள் தலா 1 ரூபாய் ஏற்றம், 5 நாள் தலா 3 ரூபாய் இறக்கம், தினமும் ஒரே வால்யூம். மொத்த ஏற்றம் 9 ரூபாய், இறக்கம் 15 ரூபாய்; எளிய சராசரியில் ஆர்எஸ்ஐ 9/24, அதாவது 37.5. எம்எஃப்ஐயோ 9/14, சுமார் 64. இந்த முரண்பாட்டைப் பார்த்து 'பெரிய கைகள் வாங்குகின்றன' என்பார்கள். வால்யூம் இங்கே எதுவுமே சொல்லவில்லை! இறக்க நாள்களில் வால்யூம் இரட்டித்தால் 9/19, சுமார் 47. இந்த 17 புள்ளி வித்தியாசம்தான் உண்மையான தகவல்.

ஆகவே வால்யூமுக்குப் பதில் 1 போட்டு இன்னொரு எம்எஃப்ஐ வரையுங்கள். இரண்டு கோடும் ஒட்டியே போனால் வால்யூம் புதிதாக எதுவும் தரவில்லை. விலகினால், பல நாள்களால் விலகியதா என்று பாருங்கள். ஒரே நாள் பத்து மடங்கு வால்யூம் என்றால், அந்த நாள் 14 நாள் கணக்கிலிருந்து வெளியேறும்போது எம்எஃப்ஐ காரணமின்றித் தடாலென நகரும்: அது ஏற்ற நாளென்றால் விழும், இறக்க நாளென்றால் எகிறும்.