சுடுதண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம்

"போர் தண்ணீர்தான். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து கீசரைப் போட்டால் அழுகிய முட்டை நாற்றம். போரைச் சுத்தம் செய்யணுமா?"

போருக்கு இப்போதே செலவு வைக்காதீங்க. முதலில் பச்சைத் தண்ணீர் ஒரு டம்ளர், சுடுதண்ணீர் ஒரு டம்ளர் பிடித்து, பாத்ரூமுக்கு வெளியே கொண்டுபோய் முகர்ந்து பாருங்க. அங்கேயே முகர்ந்தால் சாக்கடை வாடை ஏமாற்றிவிடும்.

இரண்டும் நாறினால் கோளாறு போரிலோ மேல்தொட்டியிலோ. மோட்டார் போட்டதும் போர் குழாயிலேயே பிடித்துப் பார்த்தால் எதுவென்று தெரியும்.

சுடுதண்ணீர் மட்டும் நாறினால் கீசர்தான். உள்ளே டேங்க் துருப்பிடிக்காமலிருக்க ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். அது கரையும்போது வரும் ஹைட்ரஜனைக் கொண்டு, தேங்கிய தண்ணீரிலுள்ள பாக்டீரியா சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகிறது. நாற்றம் அதுதான்.

தெர்மோஸ்டாட்டை 65 டிகிரிக்கு மேல் வைத்து சில மணி நேரம் விடுங்க, தண்ணீர் கைபட்டால் புண்ணாகும் அளவுக்குச் சுடும், குழந்தைகள் பக்கம் வரக்கூடாது. பிறகு கரண்டை அணைத்து, ஆறியதும் டேங்கை முழுக்க வடித்துவிடுங்க. திரும்பவும் நாறினால் மெக்கானிக்கிடம் சொல்லி அலுமினியம்-துத்தநாகக் கம்பி போடுங்க. கம்பியே வேண்டாம் என்று கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. நாற்றம் போகும், டேங்கும் சீக்கிரம் ஓட்டையாகும்.