ஆலங்காட்டின் இருவகைப் பேய்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் எழுதிய பேய்க்கதை ஒன்றை நண்பர்கள் நடுவே வாசித்தேன். மூடிக்கிடக்கும் அரிசி ஆலையில், முதலாளியால் கொல்லப்பட்ட கணக்குப்பிள்ளை ஆவியாக வருகிறார். சுவர்களைக் கடக்கிறார், இயந்திரங்களை ஓட்டுகிறார், தொலைபேசியில் பேசுகிறார், இறுதியில் முதலாளியைக் கொல்கிறார். "இவ்வளவும் செய்ய முடிந்த பேய் முதல் இரவே கொன்றிருக்கலாமே, எதற்கு நாற்பது பக்கம்?" என்று ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேய்க்கும் விதிகள் வேண்டுமா? ஏன் எல்லாப் பேய்களுக்கும் தீராத குறை ஒன்று இருந்தே ஆகவேண்டும்? குறையே இல்லாத பேயை எழுத முடியாதா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் கேட்டதை நீலியிடம் கேட்டிருந்தால் அவள் உடனே பதில் சொல்லியிருப்பாள். பழையனூர் நீலியின் கதையை நீங்கள் சிறுவயதிலேயே கேட்டிருப்பீர்கள். 'நீலிக் கண்ணீர்' என்ற வழக்காவது உங்கள் காதில் விழுந்திருக்கும். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பழையனூரை அடுத்த திருவாலங்காட்டைப் பாடும்போதே "வஞ்சப்படுத் தொருத்தி வாணாள்கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்" என்று அந்த ஊரை அடையாளம் காட்டுகிறார். அதாவது, அவர் காலத்திலேயே அது எல்லோரும் அறிந்த கதை. பின்னர் அது பல வடிவங்களில் வளர்ந்தது. ஆட்களின் பெயரும் முற்பிறப்பின் விவரங்களும் வடிவத்துக்கு வடிவம் மாறும். மாறாத எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

காட்டுவழியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் ஒருத்தி பேயாகிப் பழிவாங்கக் காத்திருக்கிறாள். கணவன் மறுபிறப்பில் வணிகனாகப் பிறந்து அதே வட்டாரத்துக்கு வருகிறான். அவன் கையில் மந்திரவாள் ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை அவளால் அவனை நெருங்க முடியாது. கதையில் பேய்க்கு உள்ள விதி இந்த ஒன்றுதான். இந்த ஒரு விதியிலிருந்து என்னென்ன பிறக்கின்றன என்பதைப் பாருங்கள்.

அவளால் தொட முடியாததால், வாளை அவன் தானாகவே கீழே வைக்கவேண்டும். பேயைக் கண்டு அஞ்சி ஓடுகிறவன் தானாக அதை வைக்க மாட்டான். ஆகவே அவன் மதிக்கும் மனிதர்கள் அவனை வைக்கச் சொல்லவேண்டும். மனிதர்கள் அப்படிச் சொல்லவேண்டுமென்றால் அவள் பேயாக அவர்கள் முன்னால் வரக்கூடாது, மனைவியாக வரவேண்டும். அதனால் கட்டை ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர் வேளாளர் எழுபது பேர் கூடிய இடத்தில் வந்து அழுகிறாள். இறக்கிவிட்ட குழந்தை நேராக வணிகனிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. 'இவள் என் மனைவி அல்லள், பேய்' என்று அவன் சொல்வது, குடும்பத்தைக் கைவிடப் பார்க்கிறவன் சொல்வதுபோலவே ஒலிக்கிறது. அன்றிரவு இருவரும் ஓரிடத்தில் தங்கட்டும் என்றும், அவன் உயிருக்குக் கேடு வந்தால் தாங்கள் எழுபது பேரும் தீயில் இறங்குவதாகவும் வேளாளர்கள் வாக்களித்து வாளை வாங்கிவைக்கிறார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லின்படி தீயில் இறங்குகிறார்கள்.

நீலியால் நினைத்த மாத்திரத்தில் கொல்ல முடிந்திருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது. காட்டுவழியில் ஒரு சாவு, அவ்வளவுதான். வாளின் காவல் குறுக்கே நின்றதால்தான் ஒரு கொலை, சபையில் நடக்கும் வழக்காக மாறியது. அழுகை, சாட்சி, வாக்கு என மனிதர்களுக்கு உரியவற்றையெல்லாம் பேய் கடன் வாங்கவேண்டி வந்தது. என் கணிப்பில் பேய்க்கதையின் விதிகளுக்கு உள்ள முதல் வேலை இதுதான்: பேய் தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்ள முடியாதபடி செய்து, உயிருள்ளவர்களின் வீட்டுக் கதவைத் தட்டவைப்பது. அச்சம் அதற்குப் பிறகு வருவது. வாளைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை. வாளைக் கீழே வைக்கச் சொல்லும் நல்லவர்களைப் பார்த்துத்தான் வயிறு கலங்குகிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த விதி கதையின் தொடக்கத்திலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. வாளின் காவல் பற்றி நமக்குத் தெரியும், வணிகனுக்குத் தெரியும், நீலிக்கும் தெரியும். வேளாளர்கள் மட்டும் அதை நம்புவதில்லை. இதே செய்தியை வணிகன் செத்த பிறகு சொல்லியிருந்தால் அது வெறும் விளக்கமாகப் போயிருக்கும். இக்காலப் பேய்க்கதைகளில் பலவும் சரிவது இங்கேதான். முப்பதாம் பக்கத்தில் பூசாரி ஒருவர் வந்து, 'அமாவாசையன்று மட்டும்தான் இதற்குப் பலம்' என்கிறார். எழுதுகிறவருக்கு அப்போது ஒரு முட்டுச்சந்திலிருந்து வெளியே வர வழி தேவைப்பட்டிருக்கிறது என்பது வாசகருக்கு உடனே தெரிந்துவிடும்.

இனிக் குறையைப் பற்றி. நம் ஊர்களில் பேயோட்டுவதைப் பார்த்திருந்தால், இந்தக் கேள்விக்கு வேறு எங்கும் போகவேண்டாம். உடுக்கை அடித்து ஆட வைத்தபின் கோடாங்கி கேட்பவை பெரும்பாலும் மூன்றே கேள்விகள்: நீ யார்? எதற்காக வந்தாய்? என்ன கொடுத்தால் போவாய்? முதல் கேள்வியில் பேய்க்குப் பெயர் கிடைக்கிறது. பெரும்பாலும் அது ஆயுசு முடியுமுன் செத்த ஒருவரின் பெயர், தூக்கில் தொங்கியவர் அல்லது கிணற்றில் விழுந்தவர். இரண்டாவது கேள்வியில் அதன் குறை வெளிப்படுகிறது. மூன்றாவதில் பேரம் நடந்து, ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக ஆடியவரின் உச்சிமயிரைப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டு வருகிறார்கள். ஒரு கதைக்கு வேண்டிய ஆள், நோக்கம், முடிவு ஆகிய மூன்றும் இந்தச் சடங்கிலேயே இருக்கின்றன. எழுத்தாளர்கள் யாரும் உட்கார்ந்து கண்டுபிடித்த உத்தி அல்ல அது.

கதையை நடத்தும் பொறுப்பைக் குறை ஏற்றுக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயிரோடு இருப்பவனின் ஆசை மாறக்கூடியது. இன்று பழிவாங்க நினைப்பவன் நாளை வேறு ஊருக்குப் போய் மறந்துவிடலாம், அவனுக்குப் பசிக்கும், உறக்கம் வரும், புதிதாக ஒரு காதல்கூட வரலாம். செத்தவருக்கு இவை எதுவும் கிடையாது. செத்த கணத்தில் எது மனத்தில் இருந்ததோ அது அப்படியே நின்றுவிடுகிறது. ஆசையை மாற்றிக்கொள்ள முடியாத ஒருவரைக் கதைக்குள் வைத்தால், சுற்றியிருக்கும் மற்ற எல்லோரும்தான் அவருக்கேற்ப நகரவேண்டும். கூடவே, கதை எங்கே முடியும் என்பதும் முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

ரோமானியரான இளைய பிளினி தன் நண்பர் சூராவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் சொல்லும் ஏதென்ஸ் நகரத்துப் பேய், இதற்கு மிகச் சுருக்கமான எடுத்துக்காட்டு. இரவில் சங்கிலிச் சத்தம் கேட்கும் வீடு, யாரும் குடிவராததால் மலிவாகக் கிடைக்கிறது. அதீனதோரஸ் என்னும் தத்துவவாதி அதை வாடகைக்கு எடுத்து, இரவில் விளக்கோடு எழுத உட்காருகிறார். சங்கிலி பூட்டிய கிழவனின் உருவம் வந்து விரலால் அழைக்கிறது. அவரோ, 'கொஞ்சம் பொறு' என்று கையைக் காட்டிவிட்டு எழுத்தைத் தொடர்கிறார். (எழுதுகிற எவருக்கும் இந்த இடம் பிடிக்காமல் போகாது.) உருவம் அவர் தலைக்குமேல் சங்கிலியைக் குலுக்கியபின் அவர் எழுந்து பின்தொடர்கிறார். முற்றத்தில் ஓரிடத்தில் அது மறைகிறது. இலைதழைகளைப் போட்டு அந்த இடத்தை அடையாளம் செய்துவைத்து, மறுநாள் அதிகாரிகளை அழைத்துத் தோண்டச் செய்கிறார். சங்கிலியில் சிக்கிய எலும்புகள் கிடைக்கின்றன. முறைப்படி அடக்கம் செய்தபின் வீடு அமைதியாகிறது. அந்தப் பேய் பேசுவதில்லை. சங்கிலியை ஆட்டவும் விரலைக் காட்டவும் மட்டுமே அதனால் முடியும். அது வாய்திறந்து, 'என்னை இங்கே புதைத்திருக்கிறார்கள், எடுத்து அடக்கம் செய்' என்று சொல்லியிருந்தால் கடிதத்தில் இரண்டு வரி மிஞ்சியிருக்கும். குறையைப் பேய் நேராகச் சொல்ல முடியாதபடி விதி தடுக்கிறது. அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகும் வழிதான் கதை.

ஆனால் பிளினியின் கதையில் கணக்கு நேராகிவிடுகிறது. கடன் தீர்ந்தது, பேய் போயிற்று. நீலி கதையை நான் மேலாக நினைப்பதற்குக் காரணம், அங்கே ஒரு கணக்கு முடியும்போது இன்னொன்று தொடங்குவது. நீலியின் பழி தீர்ந்த அதே காலையில் எழுபது பேரின் வாக்கு தீராக் கடனாக எழுந்து நிற்கிறது. அவர்களுக்குப் பேயின் மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. சொன்ன சொல்லே அவர்களைப் பிடித்துக்கொண்டது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் இந்தக் கதையை எடுத்தாளும்போது நீலியை ஓர் அடியில் கடந்துவிட்டு, "கூறிய சொல் பிழையாது" தீக்குழியில் முழுகிய எழுபது பேரைத்தான் புகழ்கிறார்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் அதே வட்டாரத்தில் பதில் இருக்கிறது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் காரைக்கால் அம்மையார் பாடும் பேய்களுக்கு யார்மீதும் பகை இல்லை. அவை நிணம் தின்கின்றன, அலறுகின்றன, பிள்ளை வளர்க்கின்றன. ஒரு பேய்த்தாய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயரிட்டு, புழுதி துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறாள். அவள் திரும்பி வராததால் பிள்ளை அழுது அழுது உறங்கிவிடுகிறது. அந்தத் தாய் எங்கே போனாள் என்று அம்மையார் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை, ஏனென்றால் அது கதை அல்ல, காட்சி. குறையில்லாத பேயைத் தாராளமாக எழுதலாம். ஆனால் அது உங்களைக் கவிதையின் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நாற்பது பக்கம் நடக்காது.

உங்கள் ஆலைக்கு வருகிறேன். தொலைபேசியை எடுத்துவிடுங்கள், சுவரைக் கடப்பதையும் எடுத்துவிடுங்கள். ஆலை ஓடும்போது மட்டுமே கணக்குப்பிள்ளை வருவார் என்று முதல் பக்கத்திலேயே வையுங்கள், ஆலையோ மூடிக்கிடக்கிறது. அப்படியானால் யாரோ ஒருவர் அதை மீண்டும் ஓட்ட முன்வர வேண்டும், அவருக்கு அதற்கான காரணமும் வேண்டும். அடுத்துக் கணக்குப்பிள்ளையின் குறையை மாற்றிப்பாருங்கள். முப்பது ஆண்டு கணக்கு எழுதிய மனிதர் தன்னைக் கொன்றவனைத்தான் முதலில் நினைப்பார் என்பது எனக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. செத்த அன்று பேரேட்டில் பதியாமல் விட்ட ஒரு வரவு, பணம் கொடுத்த ஒரு விவசாயியின் பெயர், அதனால் அந்தக் குடும்பம் இன்றும் கடன்காரராக நிற்பது ஆகியவை அவரை இன்னும் கடுமையாக அரிக்கலாம். பேனாவைப் பிடிக்க அவரால் முடியாது என்று விதி வைத்தால், அந்த வரியை உயிருள்ள ஒருவர் தன் கையால் எழுதவேண்டும். எழுதினால் முதலாளியின் கொலை வெளிப்படும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டின் முன் உட்காரும் அந்த ஆள் முதலாளியின் மகனாக இருந்தால் என்ன ஆகும் என்று எழுதிப்பார்த்து அனுப்புங்கள்.