ஓ.டி. பணம் குறைந்தால் கணக்கோடு கேளுங்கள்

“அண்ணா, சிங்கப்பூர் வந்து மூன்று மாதமாகிறது. ஜூலை மாத ஓ.டி. பணம் குறைவாக வந்ததுபோல் தெரிகிறது. ஆபீஸில் எப்படிக் கேட்பது? ஊருக்குப் பணம் அனுப்ப எது நல்ல வழி?”

தம்பி, பணம் அனுப்பும் வழியை அறைத் தோழர்கள் சொல்வார்கள், ஓ.டி. விஷயத்தில் மட்டும் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். “கேட்டால் பெர்மிட்டை ரத்து செய்துவிடுவான்” என்று புதியவர்களை அடக்கி வைப்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்தாம்.

முதலில் தேதியைப் பாருங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும், ஓ.டி.க்கு 14ஆம் தேதி வரை அவகாசம் உண்டு. அதற்குப் பிறகும் குறைந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று சம்பளச் சீட்டில் தேடுங்கள். தவறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உங்கள் பேசிக் சம்பளம் 800 வெள்ளி, ஜூலை ஓ.டி. 60 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பேசிக்கை 30 நாளாலும் 8 மணியாலும் வகுத்து, ஒன்றரை மடங்காக்கி, மணிக்கு 5 வெள்ளி என்று 300 வெள்ளி கொடுத்திருப்பார்கள். சட்டப்படியான கணக்கு வேறு:

```
(12 × 800) ÷ (52 × 44) × 1.5 × 60 = 377.62
```

ஆண்டுச் சம்பளத்தை 52 வாரத்தாலும் வாரத்துக்கு 44 மணி நேரத்தாலும் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 77.62 வெள்ளி குறைகிறது.

இதை வாட்ஸ்அப்பில் புலம்பாமல், கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சலாக அனுப்புங்கள். “ஜூலை ஓ.டி. 60 மணி நேரத்துக்கு 300 வெள்ளி வந்துள்ளது. மேற்கண்ட கணக்கின்படி 377.62 வர வேண்டும், மீதி 77.62 வெள்ளியைச் சரிபார்த்து வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்” என்ற அளவில் எழுதினால் போதும், ஏமாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு வேண்டாம். பேசிக் சம்பளத்தைக் குறிப்பிட்டிருக்கும் ஐ.பி.ஏ. கடிதம், சம்பளச் சீட்டு, டைம் கார்டின் படம் ஆகிய மூன்றையும் இணையுங்கள். படித்தொகையைப் பேசிக்கோடு சேர்த்துக் கணக்கிட்டால் அவர்கள் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முழுக் கடிதத்தையும் தள்ளிவிடுவார்கள்.

டைம் கார்டைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். நான் வந்த காலத்தில் சம்பளச் சீட்டு கட்டாயமில்லை, அது 2016 ஏப்ரலில்தான் வந்தது. எங்கள் கம்பெனியில் உறையில் பணத்தைத் தருவார்கள், மணி நேரம் எழுதாத வெற்றுத் தாளில் மாதக் கடைசியில் கையெழுத்து வாங்குவார்கள். உடனிருந்த பலர் வாசிக்காமலே கையெழுத்திட்டார்கள். பிறகு கேட்டபோது கம்பெனி அந்தத் தாளையே காட்டியது. நான் சைட்டுக்குள் போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வந்தேன். அதைக் காட்டிக் கேட்ட பிறகே எனக்கு மீதி வந்தது. இப்போது ஒவ்வொருவர் கையிலும் போன் இருந்தும் டைம் கார்டைப் படம் எடுக்காமல் டிக்டாக் எடுக்கிறார்கள்.

பதில் வராவிட்டால், பாரபட்சப் புகார்களைப் பார்க்கும் டாஃபெப் அல்ல, சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் டேடம் அமைப்பில் முறையிடுங்கள். வேலையில் இருக்கும்போது கடந்த ஓராண்டுப் பாக்கி வரை கேட்கலாம். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் முறையிட்டாக வேண்டும்.