உச்சம் ஏன் துருவத்துக்கு நேரே இல்லை?

அன்புள்ள ஐயா,

நான் மின்னணுப் பொறியியல் படிக்கிறேன். -1±j5 என்ற இடங்களில் துருவங்கள் உள்ள ஒரு சுற்றுக்கு, jω அச்சில் துருவத்துக்கு மிக அருகில் இருக்கும் புள்ளி ω=5 என்பதால் பெருக்கத்தின் உச்சம் அங்கேதான் வரும் என்று படத்தைப் பார்த்துச் சொன்னேன். வகையிட்டுப் பார்த்தால் 4.9 வருகிறது. படம் வரைந்து பார்க்கும் முறை வெறும் தோராயம்தானா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முறை தோராயமானதல்ல. நீங்கள் ஒரு துருவத்திலிருந்து மட்டும் அளந்திருக்கிறீர்கள். 1 ஹென்றி, 2 ஓம், 1/26 ஃபாரட் ஆகியவற்றைத் தொடராக இணைத்து மின்தேக்கியின் மின்னழுத்தத்தை எடுத்தால் உங்கள் துருவங்களே கிடைக்கும் என்பதால், அந்தச் சுற்றையே வைத்துக்கொள்வோம்.

H(s) = 26/(s²+2s+26)

இதில் பூஜ்யங்கள் இல்லை. jω என்ற புள்ளிக்கு இரண்டு துருவங்களிலிருந்தும் ஒவ்வொரு திசையன் வரைந்தால், 26-ஐ அவ்விரு நீளங்களின் பெருக்கற்பலனால் வகுப்பது பெருக்கத்தைத் தரும்; கிடைக்கோட்டின் வலப்புறத்திலிருந்து அளந்த அவற்றின் கோணங்களைக் கூட்டி எதிர்க்குறி இட்டால் கட்டம் கிடைக்கும். ω=5-இல் மேல்துருவத்திலிருந்து வரும் நீளம் 1, கீழ்த்துருவத்திலிருந்து வரும் நீளம் 10.05, ஆகவே பெருக்கம் 2.587. இப்போது புள்ளியை 4.9-க்கு இறக்கிப் பாருங்கள். மேல்திசையன் 1.005 ஆகிறது, அதாவது ஏறக்குறைய மாறவே இல்லை, கீழ்த்திசையனோ 9.95 ஆகக் குறைந்துவிடுகிறது. மிக அருகில் உள்ள புள்ளியில் அந்த நீளம் தன் சிறும மதிப்பில் இருப்பதால், சற்று நகர்ந்தாலும் அது மிக மெதுவாகவே கூடும். கீழ்த்திசையன் அப்படியில்லை, நாம் இறங்கும் தூரமெல்லாம் அப்படியே அதன் நீளத்தில் கழிகிறது. பெருக்கற்பலன் 10.05-இலிருந்து 10-க்கு வந்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

உச்சத்தின் சரியான இடத்தையும் வகையிடாமலேயே காணலாம்; இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இரு துருவங்களும் jω புள்ளியும் சேர்ந்து ஒரு முக்கோணமாகின்றன. துருவங்களை இணைக்கும் அடிப்பக்கம் 10, உயரம் 1. புள்ளி அச்சில் எங்கே நகர்ந்தாலும் இவ்விரண்டும் மாறாததால் பரப்பு எப்போதும் 5. அதே பரப்பு, திசையன்களின் பெருக்கற்பலனில் பாதியை அவற்றுக்கிடையே உள்ள கோணத்தின் சைனால் பெருக்கியதும் ஆகும். எனவே நீளங்களின் பெருக்கற்பலன், 10-ஐ அந்தச் சைனால் வகுத்தது. அது சிறுமமாவது கோணம் 90 பாகையாகும்போதுதான். துருவங்களை இணைக்கும் கோட்டை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், அது அச்சை வெட்டும் இடத்தில் அக்கோணம் செங்கோணமாக இருக்கும். அந்த இடம் √(25-1), அதாவது 4.899, அங்கே பெருக்கம் துல்லியமாக 2.6.

மின்தடையைக் கூட்டிக்கொண்டே போனால் துருவங்கள் √26 ஆரமுள்ள வளைவில் இடப்புறம் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கும், நம் வட்டமும் சுருங்கும். ஏறத்தாழ 7.2 ஓமில் துருவங்கள் 45 பாகைக் கோடுகளில் நிற்க, வட்டம் அச்சை ஆதிப்புள்ளியில் தொட மட்டுமே செய்யும். அதற்கு மேல் வட்டம் அச்சை எட்டாது, உச்சமும் கிடையாது. துருவங்கள் மெய்யச்சை அடைய 10.2 ஓம் ஆக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். சிக்கலெண் துருவம் இருந்தால் மேடு இருக்கும் என்று பல மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். இந்த இடைவெளியில் அது பொய்யாகிவிடும்.

கட்டம் 90 பாகை பின்தங்கும் இடம் துருவத்துக்கு நேரான 5-உம் அல்ல, உச்சம் வரும் 4.899-உம் அல்ல. பழைய 2 ஓமுக்கே திரும்பினால், ω=5-இல் கோணங்கள் 0, 84.3 பாகை, கூட்டுத்தொகை இன்னும் 90-ஐ எட்டவில்லை. √26-இல், அதாவது ஆதியிலிருந்து துருவம் இருக்கும் தூரத்துக்குச் சமமான 5.099-இல், அவை 5.65, 84.35 ஆகி 90-ஐத் தொடுகின்றன. ஆய்வகத்தில் 90 பாகையைத் தேடிப் பிடித்துவிட்டு அதையே உச்சம் என்று குறித்தால் வரும் பிழையும் இதுவே.

மின்தேக்கிக்குப் பதிலாக மின்தடையின் மின்னழுத்தத்தை எடுத்தால் மேற்கூறு 2s ஆகிறது. துருவங்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஆதியில் ஒரு பூஜ்யம் வந்துவிட்டது. அதிலிருந்து வரும் திசையனின் நீளம் ω, கோணம் எப்போதும் 90. அந்த நீளம் மேற்கூறில் இருப்பதால் உச்சத்தை மேலே இழுத்துச் சரியாக √26-இல் நிறுத்துகிறது. கட்டமும் அங்கே பூஜ்யமாகிறது. மின்தூண்டியின் மின்னழுத்தத்தை எடுத்தால் ஆதியில் இரண்டு பூஜ்யங்கள், உச்சம் 5.31-க்கு ஏறிவிடும். முன்னால் நிற்கும் 26, 2 போன்ற மாறிலிகள் மட்டும் படத்தில் தெரியாது. அவற்றைச் சுற்றின் சமன்பாட்டிலிருந்து நீங்கள்தான் எடுத்து வர வேண்டும்.