ஒரே சாவி, டூப்ளிகேட் ஆர்சி: 40,000 ரூபாய் தள்ளுபடியை நம்பலாமா?

கேள்வி: 2019 மாடல் ஹேட்ச்பேக் கார் ஒன்றை 4.60 லட்சத்துக்குப் பேசியிருக்கிறேன். ஒரே ஓனர். ஆனால் ஒரு சாவிதான் இருக்கிறது, ஆர்சி டூப்ளிகேட், ஷோரூம் இன்வாய்ஸும் இல்லை. "வீடு மாறும்போது எல்லாம் தொலைந்துவிட்டது" என்று சொல்லி 40,000 குறைக்கிறார். ஆன்லைனில் பார்த்தால் பெயர் சரியாக இருக்கிறது, லோன் எதுவும் காட்டவில்லை. வாங்கலாமா சார்?

பதில்: இன்வாய்ஸ் மட்டும் இல்லையென்றால் நான் கவலைப்பட மாட்டேன். அத்தனை வருஷத்துக்கு முந்தைய பில்லைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் குறைவு, என் வண்டிக்கே என்னிடம் இல்லை. மூன்றும் சேர்ந்து காணாமல் போனதுதான் இடிக்கிறது. ஏனென்றால் இவை சேர்ந்தே இன்னொருவர் கைக்குப் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு.

திருட்டு க்ளெய்ம் பணத்தைக் கொடுக்கும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரிஜினல் ஆர்சி, சாவிகள், இன்வாய்ஸ் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். அப்படித் திருடுபோன வண்டியே உங்களிடம் விற்பனைக்கு வந்திருக்கவும் கூடும், அதனால் ஆர்சியில் இருக்கும் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் அடித்திருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில்: அடமானம்.

வங்கிக் கடன் என்றால் ஆர்சியில் ஹைப்போதிகேஷன் ஏறும், parivahan.gov.in-லும் தெரியும். வட்டிக்கு விடுபவரிடம் வண்டியை வைத்துப் பணம் வாங்கினால் அது எங்கேயும் ஏறாது. அவர் ஒரிஜினல் ஆர்சி, இரண்டாவது சாவி, பெயர் மாற்றத்துக்காகக் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30 எல்லாவற்றையும் வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவார். அப்புறம் கடன் கட்ட முடியாதவர் ஆர்சி தொலைந்தது என்று புகார் கொடுத்து, ஃபார்ம் 26 போட்டு டூப்ளிகேட் எடுத்து, வண்டியை விற்றுவிடுகிறார். சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் நீங்கள் நிறுத்திய இடத்தில் கார் இருக்காது. கண்ணாடித் துண்டுகூடக் கிடக்காது, சாவி போட்டே எடுத்துப் போயிருப்பார்கள்.

அடுத்தது க்ளெய்ம். கார் திருடுபோனால் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், இன்னொன்று எங்கே, எப்போது தொலைந்தது, ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேள்விமேல் கேள்வி வரும். க்ளெய்ம் இழுத்தடிக்கும், குறையும், நிராகரிப்பில் போய் முடியவும் வாய்ப்புண்டு. 40,000 மிச்சம் என்று பார்க்காதீர்கள். நீங்கள் கொடுக்கப்போகும் 4.20 லட்சமும் அந்த ஒரு சாவியில் தொங்குகிறது.

சரி, பொய்யா நிஜமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டூப்ளிகேட் எடுக்க அவர் கொடுத்த போலீஸ் புகாரின் நகலைக் கேளுங்கள். என்னிடம் வந்த ஒருவரின் கேஸில், விற்பவர் வாயால் சொன்னது வீடு மாற்றம். புகாரில் எழுதியிருந்தது பஸ் பயணத்தில் தொலைந்தது என்று. தேதியோ, அவர் வீடு மாறி இரண்டு வருஷம் கழித்து. அந்த வண்டியை விட்டுவிடச் சொன்னேன். உங்களுடையதிலும் மூன்று விஷயங்கள் ஒத்துப்போக வேண்டும்: வீடு மாறியது எப்போது, புகார் எப்போது, டூப்ளிகேட் ஆர்சி கொடுத்த தேதி எது. விற்கத் தீர்மானித்ததற்குச் சற்று முன்னால் எடுத்த டூப்ளிகேட் என்றால், அவசரத்துக்கு எடுத்ததாகவும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். நேராகக் கேளுங்கள்.

பிறகு, வண்டியை அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போங்கள். பதிவாகாத சாவியால் இன்ஜினை ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் உள்ள கார்களில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பெரும்பாலும் ஸ்கேனரில் பார்த்துவிடலாம். புதுச் சாவியைக் கோடிங் செய்யும்போதே தொலைந்த சாவியின் பதிவை அழித்துவிடச் சொல்லுங்கள். அழித்தபின் அந்தச் சாவியால் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய முடியாது. ஆனால் கதவைத் திறக்க முடியும், பூட்டு அதேதானே. அதையும் மூட வேண்டுமென்றால் லாக் செட்டையே மாற்ற வேண்டியிருக்கும், செலவு அதிகம். குறைந்தபட்சம் கோடிங் பில்லைப் பத்திரப்படுத்தி, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போது சாவி விவரத்தையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நாளை க்ளெய்ம் கேள்விக்கு அதுதான் உங்கள் பதில்.

அவரிடம் பேச வேண்டியது இது. கோடிங் அவர் செலவில், அதுவும் பெயர் மாற்றத்துக்கு முன்னால். இன்று சிறு டோக்கன் மட்டும், பணத்தின் பெரும்பகுதியை, ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிய பிறகு கொடுப்பது. வண்டி மேல் யாருக்கும் பாக்கியில்லை, வந்தால் என் பொறுப்பு என்று அவரிடம் எழுதியும் வாங்குங்கள். அந்தக் காகிதம், அவர் கையில் பணம் இருக்கும்வரைதான் உதவும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தொலைந்தது நிஜமென்றால் புகார் நகலைக் காட்டவும், பழைய சாவியை அழிக்கவும் அவருக்கு ஒரு தயக்கமும் இருக்காது. இரண்டில் ஒன்றுக்கு மழுப்பினாலும் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.