பாறை தட்டியதால் கூடும் செலவு: வேலையைத் தொடரும் முன் வீட்டுக்காரருக்கு எழுதுவது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரி – பர்கூர் சாலைப் பக்கம் ஒரு வீடு கட்டும் ஒப்பந்தம் எடுத்திருக்கிறேன். சதுர அடிக் கணக்கு. ஒப்பந்தத்தில் ‘தூண் குழி ஆறடி, மண் தோண்டுதல்’ என்று இருக்கிறது; பாறையைப் பற்றி ஒன்றும் இல்லை. 12 குழிகளில் ஏழில் மூன்றடியிலேயே பாறை. இரண்டை பிரேக்கர் வைத்து உடைத்துவிட்டேன், ஐந்து பாக்கி. வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை செய்கிறார். ஊரில் இருக்கும் அவருடைய மாமனார்தான் ‘உடைங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்றார். நான் அனுப்பிய கடிதம்: ‘எதிர்பாராத காரணங்களாலும் பாறை தட்டியதாலும் விலைவாசி உயர்வாலும் ரூ.1,81,500 கூடுதலாகிறது. உடனே அனுப்பினால்தான் வேலை தொடரும்.’ (ஏழு குழிப் பாறைக்கு 94,500, கம்பி விலை ஏறியதில் 52,000, வேறு ஏதாவது வந்தால் என்று 35,000.) ‘பேசிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் தரமாட்டேன்’ என்று பதில் வந்துவிட்டது. எப்படி மாற்றி எழுதுவது?

பதில்: அவருடைய கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படிப்பவருக்குக் குழியும் தெரியாது, பாறையும் தெரியாது. ஒரு பெரிய தொகையும் ‘அனுப்பினால்தான்’ என்ற சொல்லும்தான் தெரியும். நியாயமான ஒரு கோரிக்கையோடு நியாயமில்லாத இரண்டைக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். முதலில் அவற்றைப் பிரிப்போம்.

கம்பி விலை 52,000 உங்கள் பாடு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, விலை ஏறினால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டிருந்தால், அந்த ஏற்றத்தைத் தாங்குவது ஒப்பந்தக்காரர்தான். கம்பி விலை இறங்கியிருந்தால் நீங்கள் அவருக்குத் திருப்பித் தந்திருக்கமாட்டீர்கள். அடுத்து அந்த 35,000. வராத செலவுக்குப் பணம் கேட்டால், வந்த செலவின் மீதும் சந்தேகம் விழும். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

மிச்சம் பாறை. இதில் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது, ஏனென்றால் ஒப்பந்தம் ‘மண் தோண்டுதல்’ என்கிறது. ‘தோண்டுதல் அனைத்தும் உட்பட’ என்று எழுதியிருந்தால் நிலைமை வேறு. ஆனால் பாறைக் கணக்கிலும் ஒரு ஓட்டை வைத்திருக்கிறீர்கள். பாறை இருந்த இடத்தில் மண் தோண்டும் கூலி உங்களுக்கு மிச்சமாயிற்று. அதை ஏற்கெனவே பேசிய தொகைக்குள் வாங்கிவிட்டீர்கள். அதைக் கழித்த பிறகு வரும் வித்தியாசம்தான் கூடுதல் செலவு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குழி ஐந்துக்கு ஐந்து, பாறை மூன்றடி என்று வைத்தால் ஒரு குழிக்கு 75 கன அடி. முடித்த இரண்டு குழிகளுக்கு பிரேக்கர் 13 மணி நேரம் ஓடியது, மணிக்கு 1,800 என்றால் 23,400, கல்லை அள்ளியதற்கு 3,600, ஆக 27,000. அதாவது கன அடிக்கு 180. மண் தோண்ட நீங்கள் கன அடிக்கு 8 ரூபாய் கணக்கிட்டிருந்தால் அதைக் கழித்து 172. பாக்கியுள்ள ஐந்து குழிகளின் 375 கன அடிக்கு 64,500 ரூபாய். இதற்குத்தான் நீங்கள் இப்போது ஒப்புதல் கேட்க வேண்டும். 1,81,500 எங்கே, 64,500 எங்கே!

கடிதத்தில் மணிக்கணக்கைக் காட்டாதீர்கள். இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை வீட்டுக்காரரால் சரிபார்க்க முடியாது. கன அடியைச் சரிபார்க்கலாம், அதுவும் உடைப்பதற்கு முன் மட்டும். ஐந்து குழிகளிலும் பாறை முகம் தெரியும்வரை மண்ணை வழித்து எடுங்கள். மேல்மட்டத்திலிருந்து பாறைவரை டேப்பை இறக்கி, குழி எண் எழுதிய அட்டையோடு படம் எடுங்கள். மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவைக் குறியுங்கள். உடைத்த கல்லைக் குவித்து அளந்தால் அளவு வீங்கிக் காட்டும். அரசுப் பணிகளில் அடுக்கிய கல்லின் அளவில் பாதியை இடைவெளிக்காகக் கழிப்பது அதனால்தான்.

முடிந்துபோன இரண்டு குழிகளின் கதை வேறு. அந்த 150 கன அடிக்கு உங்கள் வித்தியாசம் 25,800. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் மருமகன். மாமனார் வாயால் சொன்னது அவரைக் கட்டுப்படுத்துமா என்பது வாதத்துக்குரியது. இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்த வேலையின் பலனை ஒருவர் அனுபவித்தால் அவர் ஈடு தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு. உரிமை இருக்கிறது என்பதற்காக அதைக் கடிதத்தில் நீட்டாதீர்கள். சட்டப்பிரிவைக் கண்டதும் அவர் வக்கீலைத் தேடுவார், வேலை அங்கேயே நிற்கும். இந்தத் தொகையைத் தனிப் பத்தியில் எழுதி, நேரில் பேசலாம் என்று விடுங்கள். மேற்கொண்டு வேலை நடப்பதற்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது.

இனி, உங்கள் கடிதத்தில் அடியோடு விட்டுப்போன விஷயம்: அவருக்கு வேறு வழி இருக்கிறதா? பாறை தட்டினால் உடைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆறடி என்று வரைபடத்தில் போட்டது மண்ணை நினைத்து. திடமான பாறை கிடைத்தால் அதன் மேலேயே அடித்தளத்தை உட்கார வைக்கலாம். பாறையின் தாங்கும் திறன் மண்ணைவிடப் பல மடங்கு. பாறையின் மேற்பரப்பைச் சமமாகவோ படியாகவோ செதுக்கி, துளையிட்டுக் கம்பி நட்டு, சிமெண்ட் கலவையால் இறுக்கி, அதன் மேல் கான்கிரீட் போடுவார்கள்.

ஆனால் இதை நீங்களும் மேஸ்திரியும் சேர்ந்து முடிவு செய்துவிடக் கூடாது. உங்கள் பக்கத்து மண்ணில் பாறைபோலத் தோன்றுவது சில இடங்களில் தனியாகப் புதைந்து கிடக்கும் உருண்டைக் கல்லாக இருக்கும்; அடியில் மண்தான். கடப்பாரையால் தட்டும்போது கணீரென்ற ஒலிக்குப் பதில் மொத்தென்று கேட்டால் சந்தேகப்பட வேண்டும். கணீரென்று கேட்டாலும் அது போதாது, சில அடி ஆழத்துக்குத் துளை போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமானது. இன்னொன்று, உங்கள் வீட்டில் ஏழு தூண் பாறையிலும் ஐந்து தூண் மண்ணிலும் நிற்கப்போகின்றன. பாறை இறங்காது, மண் கொஞ்சம் இறங்கும். அந்த வேறுபாடுதான் பிறகு சுவரில் சாய்வான விரிசலாகத் தெரியும். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். அதுவரை மண் குழிகளிலும் கான்கிரீட் போடாதீர்கள். தோண்டும் வேலையை மட்டும் முடித்துவையுங்கள்.

இந்த இரண்டாவது வழிக்கு, செதுக்கிக் கம்பி நட குழிக்கு 4,000 வீதம் ஐந்துக்கு 20,000, பொறியாளர் கட்டணம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். தூண் உயரம் குறைவதில் மிச்சம் 5,000, மண் கூலி மிச்சம் 3,000. நிகரம் 18,000. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ‘இதைச் சொன்னால் எனக்கு வேலை குறையுமே’ என்று நினைக்கலாம். நீங்கள் சொல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், அன்றோடு உங்கள் எல்லாக் கணக்கும் பொய்யாகிவிடும். ‘வெடி வைத்தால் ஒரே நாளில் முடியுமே’ என்றும் யாராவது சொல்வார்கள். உரிமம் இல்லாமல் அதைத் தொட முடியாது, வீடுகளுக்கு நடுவில் நினைத்தும் பார்க்கக் கூடாது.

முதலில் போனில் பேசிவிட்டு, அதன் பிறகு இப்படி அனுப்புங்கள்:

‘வணக்கம் ஐயா. முன்பு அனுப்பிய ரூ.1,81,500 கணக்கைத் திரும்பப் பெறுகிறேன். கம்பி விலை உயர்வை நானே ஏற்கிறேன்.

தங்கள் வீட்டின் 3, 4, 7, 8, 11 ஆகிய ஐந்து குழிகளில் மூன்றடியில் பாறை இருக்கிறது. நம் ஒப்பந்தம் மண் தோண்டுவதற்கானது. பாறை முகம் தெரியும் படங்களையும் தங்கள் மாமனார் முன்னிலையில் எடுத்த அளவுகளையும் இணைத்திருக்கிறேன். இரண்டு வழிகள் உள்ளன.

(அ) ஆறடிவரை உடைப்பது. கன அடிக்கு ரூ.172 (மண் கூலி ரூ.8 கழித்தது). 375 கன அடிக்கு உத்தேசமாக ரூ.64,500. அளந்த அளவுக்குத்தான் பில். ரூ.70,000ஐத் தாண்டும் என்று தெரிந்தால் வேலையை நிறுத்தித் தங்களைக் கேட்பேன். ஐந்து வேலை நாள் ஆகும்.

(ஆ) பொறியாளர் பார்த்து எழுத்தில் சம்மதித்தால், பாறை மேலேயே அடித்தளம் போடுவது. உத்தேசமாக ரூ.18,000. அவர் வேறு மாற்றம் சொன்னால் அதற்கான தொகையை முன்கூட்டியே தெரிவிப்பேன்.

முதலில் பொறியாளரை அழைத்துப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. தாங்கள் தேர்ந்தெடுக்கும் வழியை எழுத்தில் தெரிவித்த பிறகே இந்த ஐந்து குழிகளில் வேலை தொடங்கும். ஒப்புதலோடு பாதித் தொகை, அளவெடுத்த பின் மீதி. மற்ற ஐந்து குழிகளில் மண் தோண்டுவது தொடர்கிறது. மழை வந்தால் குழியின் ஓரம் சரியும் என்பதால், வரும் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஏற்கெனவே உடைத்த இரண்டு குழிகளுக்கான ரூ.25,800 பற்றித் தனியாக, நேரில் பேசுவோம். இந்த ஒப்புதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.’

தொகைகளில் ஜிஎஸ்டி சேர்ந்ததா இல்லையா என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி அதில்தான் வருகிறது. ‘வெள்ளிக்குள் பதில் இல்லையென்றால் சம்மதமாகக் கொள்வேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். மௌனம் சம்மதமென்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, ஒப்பந்தத்துக்கு ஆகாது. அவர் கைப்பட ‘(அ) சரி, 70,000 வரை’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூடப் போதும். மின்னணு வழியில் செய்த உடன்பாடு அந்த ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது என்று 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்கிறது. மாமனார் வழியாகச் சொல்லி அனுப்பினால், ‘தாங்களே ஒரு வரி அனுப்பிவிடுங்கள் ஐயா’ என்று பணிவாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமையும் பதில் வரவில்லையென்றால், வாடகை பிரேக்கரை அன்றே அனுப்பிவிடுங்கள். அது சும்மா நிற்கும் வாடகையை அவர் தலையில் போட முடியாது. மண் குழிகளை முடித்து, அதுவரை நடந்த வேலையை அளந்து எழுதி, ‘ஐந்து குழிகள் தங்கள் முடிவுக்காக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன’ என்று தேதியோடு ஒரு செய்தி அனுப்புங்கள். வேலை முடிக்கும் நாள் தள்ளிப்போனதற்கு யார் காரணம் என்ற கேள்வி எழும்போது அந்தச் செய்தி உங்களுக்குத் தேவைப்படும்.